ஒரு நேர்கோடு பிறந்த கதை

1842 மே 8. வெர்சாயில் அரசர் பெயரால் நடந்த விழாவைப் பார்த்துவிட்டுக் கூட்டம் பாரிஸுக்கு ரயிலேறியது. வழியில், மூதோனுக்கு அருகே, முன்னால் ஓடிய எஞ்சினின் அச்சு முறிந்தது. எஞ்சின் கவிழ்ந்தது, பின்னால் வந்த பெட்டிகள் அதன் மேல் ஏறித் தீப்பற்றின. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென் கடல்களைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில்லும் அவர் மனைவியும் மகனும் அவர்களில் அடக்கம்.

அந்த அச்சின் மேல் வரம்பு மீறிய பாரம் எதுவும் ஏறவில்லை. தினமும் சுமந்த எடையைத்தான் அன்றும் சுமந்தது. அப்படியும் ஏன் முறிந்தது? ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். முறிந்த முகம் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஸ்காட்லாந்தின் இளம் பொறியாளர் ரேங்கின் அடுத்த ஆண்டே வேறு விளக்கம் தந்தார். அச்சின் விட்டம் சட்டென்று மாறும் தோள்பட்டையில் ஒரு விரிசல் தொடங்கி, சுற்றிலுமிருந்து மெல்ல உள்ளே வளர்கிறது. மிச்சமிருக்கும் நடுப்பகுதி ஒருநாள் பாரம் தாங்காமல் அறுகிறது. இன்றும் முறிந்த தண்டைக் கையில் எடுக்கும் பொறியாளர் முதலில் தேடுவது இதைத்தான்: விரிசல் வளர்ந்த இடம் வழவழப்பாக, அலை ஒதுங்கிய வரிகளோடு இருக்கும், கடைசியில் அறுந்த இடம் சொரசொரப்பாக இருக்கும்.

காரணம் ஓரளவு பிடிபட்டது. ஆனால் எவ்வளவு தகைவு வரை தாங்கும் என்பதற்கு எண் இல்லை. அதைத் தந்தவர் பிரஷ்ய ரயில்வேயின் அவுகுஸ்ட் வோலர். ஓடும் வண்டியில் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறவைத்து அளந்தார். பிறகு பட்டறையில், சுழலும் தண்டின் நுனியில் பாரம் கட்டி, முறியும் வரை ஓட்டும் இயந்திரங்களைச் செய்தார். சுழலும் தண்டில் பாரம் அசையாமல் இருந்தாலும், மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அழுந்தி வருகிறது. வோலர் அங்கே நிற்காமல், திரும்பத் திரும்ப ஒரே பக்கம் வளையும் துண்டுகளையும், அடியில் நிரந்தர இழுவை வைத்து மேலே ஏறி இறங்கும் துண்டுகளையும் சோதித்தார்.

அச்சு இரும்புக்கு அவர் தந்த எண்கள் மூன்றைப் பார்ப்போம். அலகு அன்றைய பிரஷ்யச் சதுர அங்குலத்துக்குச் சென்ட்னர். +160க்கும் −160க்கும் இடையே ஆடினால் தாங்கும். 0க்கும் 300க்கும் இடையே என்றாலும் தாங்கும். 240க்கும் 440க்கும் இடையே என்றாலும் தாங்கும். ஒவ்வொன்றையும் நடுமதிப்பாகவும், அதிலிருந்து மேலும் கீழும் ஆடும் அளவாகவும் பிரித்துப் பாருங்கள். சராசரி 0 எனில் ஆட்டம் 160. சராசரி 150 எனில் ஆட்டம் 150. சராசரி 340 எனில் ஆட்டம் 100. முறிப்பது பெரும்பாலும் ஆட்டம்தான். ஆனால் இழுவைச் சராசரி ஏற ஏற, பொறுக்கும் ஆட்டம் குறைகிறது. இந்த விஷயத்தின் கரு முழுக்க அந்த மூன்று வரிகளில் இருக்கிறது.

1874-ல் பவேரியப் பாலப் பொறியாளர் ஹைன்ரிஷ் கெர்பர், வோலரின் முடிவுகளுக்கு ஒரு பரவளையத்தைப் பொருத்தினார். மேலே உள்ள மூன்று புள்ளிகளை நீங்களே தாளில் குறித்தால் கோடு கீழ்நோக்கிக் குனிந்து வளைவது தெரியும்: தொடக்கத்தில் கிட்டத்தட்ட சமமாகச் சென்று, பிறகு விரைவாக இறங்கும். உண்மைக்கு மிக நெருங்கியது கெர்பரின் வளைவே.

ஆனால் பட்டறைகளிலும் பாடநூல்களிலும் வென்றது நேர்கோடு. லீட்ஸ் பேராசிரியர் ஜான் குட்மன் 1899-ல் வெளியிட்ட இயந்திரவியல் நூலில் வைத்த வாதம் எளிமையானது. சட்டென்று ஏற்றப்படும் பாரம் நிலையான பாரத்தைப் போல இரண்டு மடங்கு தகைவு தரும். ஆகவே தகைவின் ஏற்றத்தை இரண்டால் பெருக்கி, குறைந்தபட்சத் தகைவோடு கூட்டினால், அது இழுவலிமையைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால், முழுக்கத் திருப்பி வளையும் தண்டு இழுவலிமையில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்க வேண்டும். சோர்வுக்கும் சட்டென்று ஏற்றப்படும் பாரத்துக்கும் உண்மையில் அப்படி உறவு இல்லை. மெதுவாக ஏறி இறங்கும் தகைவும் விரிசலை வளர்க்கும். காரணம் தவறு, ஆனாலும் கோடு தங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோதனையில் கிடைத்த தாங்கு வரம்பை வைத்தார்கள். இன்று குட்மன் கோடு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் திருத்திய கோட்டைத்தான். கெர்பரின் வளைவுக்கு அது கீழே போவதால் தவறினாலும் பாதுகாப்பின் பக்கமே தவறும். 1930-ல் சோடர்பர்க் இன்னும் எச்சரிக்கையாக, இழுவலிமை இருந்த இடத்தில் யீல்ட் வலிமையை வைத்தார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பளு தூக்கும் கப்பியின் சக்கரம் சுழல்கிறது. நடுவே உள்ள 40 மி.மீ. தண்டு சுழலாமல் நிற்கிறது. கொக்கி வெறுமையாக இருக்கும்போது தண்டில் வளைவு மொமென்ட் 200 நியூட்டன் மீட்டர், முழுப் பளுவில் 800. வளைவுத் தகைவு 32-லிருந்து 127 மெகாபாஸ்கல் வரை ஏறி இறங்கும். சராசரி 80, ஆட்டம் 48. நடுத்தரக் கார்பன் எஃகின் இழுவலிமை 600 என்று கொள்வோம், யீல்ட் 360. மெருகிட்ட சிறு துண்டுக்குத் தாங்கு வரம்பு சுமார் 300. கடைந்த மேற்பரப்புக்கும் தண்டின் அளவுக்கும் கழித்தால் 230. தோள்பட்டையின் தகைவுக் குவிப்புக்காக ஆட்டத்தை மட்டும் 1.6-ஆல் பெருக்கினால் 77. குட்மன் சொல்வது:

```
σa/Se + σm/Su = 1/n
77/230 + 80/600 = 0.47
n ≈ 2.1
```

இதே எண்களைக் கெர்பரில் இட்டால் 2.6, சோடர்பர்க்கில் 1.8. மூன்றும் ஒரே தண்டுக்குத்தான். குட்மனை வைத்து வடிவமைப்பேன் என்பது என் தேர்வு. முறிந்த தண்டு ஏன் முறிந்தது என்று பின்னோக்கி ஆராயும்போதோ கெர்பரை நம்புவேன், ஏனெனில் அங்கே தேவை உண்மை மதிப்பு, ஒதுக்கீடு அல்ல. அதிகபட்சத் தகைவு யீல்டைத் தொடுகிறதா என்பதைத் தனியாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே 127-க்கு 360, கவலையில்லை.

அதே தண்டு சுழன்றால்? 800 மொமென்ட் மாறாமல் நிற்கட்டும். சராசரி பூஜ்யமாகும், ஆட்டம் முழு 127 ஆகும், 1.6-ஆல் பெருக்க 204. சுழலும் தண்டில் மேற்பரப்பு முழுவதும் உச்சத் தகைவைப் பார்ப்பதால் தாங்கு வரம்பும் 210 அளவுக்கு இறங்கும். பாதுகாப்புக் காரணி ஒன்றை ஒட்டி வந்து நிற்கும். பாரமும் எஃகும் மாறவில்லை. மாறியது சுழற்சி மட்டுமே. வெர்சாய் ரயிலின் அச்சும் சுழலும் அச்சுதான்.

அந்த 2.1-க்கு ஒரு மறைநிபந்தனை உண்டு. பாரம் கூடும்போது சராசரியும் ஆட்டமும் ஒரே விகிதத்தில் ஏறும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கப்பியில் கீழ்த் தகைவு நிலையான எடையால் வருவது; தூக்கும் பளு கூடினால் சராசரியும் ஆட்டமும் ஒரே அளவு ஏறும், ஆகவே விகிதத்தில் ஆட்டமே வேகமாக ஏறும். வேறொரு இயந்திரத்தில் சராசரியை 80-லேயே நிறுத்தி ஆட்டத்தை மட்டும் வளர்த்தால், கோடு அனுமதிப்பது 199, காரணி 2.6 ஆகிறது. மாறாக, சராசரி மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஏறும் இடம் என்றால் வேறொரு எண் வரும். எந்தப் பாரம் கூடப்போகிறது என்பதை முதலில் கேட்டுவிட்டே கோட்டின் மேல் பென்சிலை வைக்க வேண்டும்.