வரைவுக்கு மேலே ஐந்து வரி: அம்மாவின் கதையில் நாங்கள் ஊகித்தவை

கனடாவில் அகதிக் கோரிக்கை வைப்பவர் நிரப்பவேண்டிய முக்கியமான படிவம் ‘பேஸிஸ் ஒஃப் கிளெய்ம்’. 2012 டிசம்பரில், முன்பிருந்த படிவத்துக்குப் பதிலாக இது நடைமுறைக்கு வந்தது. என்ன நடந்தது, யார் செய்தது, எங்கே, எப்போது என்று அது கேட்கும். பதில் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கவேண்டும். மொன்றியலில் எங்கள் வீடுகளில் அந்தப் பதிலின் முதல் வரைவை எழுதுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அம்மா சமையலறை மேசையில் இருந்து சொல்வா, மகள் பிரெஞ்சில் எழுதுவாள், பிறகு அது சட்டத்தரணியிடம் போகும்.

இங்கே நாங்கள் எடுத்துக்கொள்வது ஒரேயொரு பழக்கத்தை. வரைவை எழுதி முடித்ததும், அதன் தலைப்பில், முதற்பக்கத்தின் மேலேயே, “இவை அம்மா சொல்லாதவை, நான் ஊகித்துப் போட்டவை” என்று தமிழில் ஒரு சிறு குறிப்பு எழுதுவது. ஊரில் கணக்குப் பாடத்தில் ‘எடுகோள்’ என்று படித்தோமே, அதேதான். எடுகோளைச் சொல்லாமல் விடை எழுதினால் விடை பிழைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஊகிக்காமல் எழுதலாமே என்று கேட்கலாம். முடியாது. எங்கள் பேச்சுத் தமிழ் சொல்லாமல் விடுவதைப் பிரெஞ்சு சொல்லச் சொல்லிக் கேட்கும். “கொண்டு போனவை” என்று அம்மா சொன்னால் அதில் எழுவாய் இல்லை. ஆமியா, இயக்கமா, வேறு குழுவா என்பது அவவின் மனதில் இருக்கிறது, வாக்கியத்தில் இல்லை. பிரெஞ்சில் எழுதுபவர் அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுத்தான் வாக்கியத்தை முடிக்கப் பார்ப்பார். போட்ட பிறகு அது ஊகம் மாதிரித் தெரியாது. சுத்தமாகத் தட்டெழுதிய வரியில் அம்மா சொன்னதும் மகள் சேர்த்ததும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு நிற்கும்.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். எந்த ஒரு குடும்பத்தினதும் கதை அல்ல இது, விளக்குவதற்காக நாங்கள் கட்டியது. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் எங்கள் பேச்சில் அன்றாடம் இருப்பது.

கோப்பாயைச் சேர்ந்த ஒரு தாய் சொல்கிறா: “இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இருந்தனாங்கள். வருசம் பிறந்து கொஞ்ச நாளில அண்ணாவைக் கொண்டு போனவை. முகாம் முகாமாத் திரிஞ்சன். ஆள் வரேல்லை.”

மகள் எழுதிய பிரெஞ்சு வரைவைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “1996 ஜனவரி தொடக்கத்தில், சாவகச்சேரியில், இலங்கை இராணுவம் எனது சகோதரரைக் கைது செய்தது. அகதி முகாம்கள் தோறும் அவரைத் தேடினேன்.”

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயின் நான்கு சிறு வாக்கியங்களுக்குள் மகள் ஐந்து ஊகங்களை வைத்துவிட்டாள். அவள் மேலே எழுதவேண்டிய குறிப்பு இதுதான்:

“அம்மா, இவை நான் நினைத்துப் போட்டவை. பிழையெண்டால் சொல்லுங்கோ.
கொண்டு போனது ஆமி எண்டு போட்டிருக்கிறன். ஆமியா, வேறு ஆட்களா, ஆரெண்டு தெரியாதா?
‘வருசம் பிறந்து’ எண்டதை 1996 ஜனவரி எண்டு போட்டிருக்கிறன். இங்கிலீசு வருசமா, சித்திரை வருசமா, வேறு வருசமா?
நடந்த இடம் சாவகச்சேரி எண்டு போட்டிருக்கிறன். அங்கேயா, வேறு இடமா?
‘அண்ணா’ உங்கட கூடப்பிறந்தவர் எண்டு போட்டிருக்கிறன். கூடப்பிறந்தவரா, பெரியம்மா சித்தி வழியில் அண்ணாவா?
‘முகாம்’ எண்டதை அகதி முகாம் எண்டு போட்டிருக்கிறன். சனம் இருந்த முகாமா, ஆமி முகாமா?”

ஒவ்வொரு வரியிலும் மகள் என்ன போட்டாள் என்பதும், வேறு என்னவாக இருந்திருக்கலாம் என்பதும் இருக்கின்றன. “ஆமிதானே அம்மா?” என்று மட்டும் கேட்டால் எங்கள் தாய்மார் “ஓம், ஓம்” என்றுதான் சொல்வார்கள். பிள்ளை கஷ்டப்பட்டு எழுதியதைக் குழப்பக்கூடாது என்ற எண்ணம் ஒரு பக்கம், கதையைத் திரும்பச் சொல்ல மனமில்லாதது மறுபக்கம். தெரிவுகளாகக் கேட்டால் ஒன்றைத் தேர்ந்து சொல்லவேண்டி வரும். ஆரெண்டு ‘தெரியாது’ என்பதும் தெரிவுகளில் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல வைத்துவிடுவோம்.

இனி அந்தத் தாய் பதில் சொல்கிறா. வருசம் என்றது சித்திரை வருசத்தை. மொன்றியலில் வளர்ந்த பிள்ளைக்கு வருசம் பிறப்பது ஜனவரி 1. தாய்க்கு அது ஏப்ரல் நடுப்பகுதி. இடத்தைக் கேட்டதும் இன்னொன்று வெளியே வருகிறது: “சாவகச்சேரியில இல்லைப் பிள்ளை, நாங்கள் கோப்பாய்க்குத் திரும்பி வந்தாப் பிறகு.” திரும்பி வந்ததை அவ முதலில் சொல்லவேயில்லை. தனக்குத் தெரிந்தது மகளுக்கும் தெரியும் என்று விட்டுவிட்டா.

இந்த இரண்டு பிழையும் எவ்வளவு பெரியவை என்று பார்க்கவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. ஆனால் சாவகச்சேரி உட்பட்ட தென்மராட்சி, 1996 ஏப்ரலில் ‘சூரியக்கதிர்’ இரண்டாம் கட்டம் நடக்கும்வரை, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதன் பிறகுதான் சனம் பெருமளவில் வலிகாமத்துக்குத் திரும்பியது. ஆகவே ‘1996 ஜனவரி, சாவகச்சேரி, இராணுவம் கைது செய்தது’ என்ற வரைவு அந்தக் காலத்து நிலவரத்தோடு பொருந்தாது. இலங்கை வழக்குகளைக் கேட்டுப் பழகிய ஒரு சபை உறுப்பினர் அதைக் கவனித்தால், மகள் பிழையாக ஊகித்தாள் என்று நினைக்கமாட்டார். தாய் பொய் சொல்கிறா என்றுதான் நினைக்க இடமுண்டு. தாய் சொன்னதோ முழு உண்மை.

‘அண்ணா’ என்ற சொல்லிலும் அதே ஆபத்து. பதிலில், அவர் பெரியம்மாவின் மகன் என்று தெரியவருகிறது. மகளுக்குக் கூடப்பிறந்தவரும் மாமா, பெரியம்மாவின் மகனும் மாமா, அதனால் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் குடிவரவுப் படிவங்களில் சகோதரர்களின் விபரம் கேட்கும் பகுதி தனியாக உண்டு. அங்கே அந்தப் பெயர் இராது. கதையில் ‘சகோதரர்’, படிவத்தில் அப்படியொருவர் இல்லை. இதை விசாரணை அறையில் விளங்கப்படுத்துவதைவிட மேசையில் ஒரு வரியில் கேட்பது இலகு.

முகாம் என்றது ஆமி முகாம். மகனைப் பறிகொடுத்த பெரியம்மாவோடு முகாம் வாசலில் நின்றிருக்கிறா. கொண்டு போனது யார் என்ற கேள்விக்குத்தான் நாங்கள் எதிர்பார்க்காத பதில்: “சிவில் உடுப்பில வந்தவை. ஆமி எண்டுதான் சனம் சொன்னது.” அப்படியானால் வரைவில் அதுவே வரவேண்டும்: சிவில் உடையில் வந்தவர்கள், இராணுவத்தினர் என்று அயலவர் சொன்னார்கள், அதனால் இராணுவ முகாம்களில் போய்க் கேட்டோம். ‘இராணுவம் கைது செய்தது’ என்பதைவிட இது பலவீனமாகத் தெரியலாம். ஆனால் விசாரணையில் “சீருடை எப்படி இருந்தது?” என்று கேட்டால் தாய் தடுமாறத் தேவையில்லை.

குறிப்பை ஏன் மேலே போடவேண்டும்? வரைவின் கடைசியில் போட்டால், கேட்பவர் அங்கே வருவதற்குள் களைத்துவிடுவார், கதையும் மனதில் ஒரு வடிவம் எடுத்துவிடும். முதலில் கேட்டால் எந்த இடத்தில் காதைக் கூர்மையாக்குவது என்று அவருக்குத் தெரியும். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். பெயரின் எழுத்துக்கூட்டல் போன்றவற்றைக் கடவுச்சீட்டைப் பார்த்துத் திருத்தலாம். பிழைத்தால் கதை மாறும் ஊகங்கள் மட்டும் இங்கே வரட்டும், அதிலும் மோசமானது முதலில்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. நாங்கள் ஊகித்தோம் என்று எங்களுக்கே தெரியாததை நாங்கள் குறிப்பில் எழுதமாட்டோம். மேலே உள்ள மகள் உண்மையில் ‘வருசம்’ பற்றிக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: வரைவில் ஆட்கள், உறவுமுறை, இடம், திகதி என்பவற்றின் கீழே கோடிட்டு, ஒவ்வொன்றிலும் “இந்தச் சொல்லை அம்மா வாயால் சொன்னாவா?” என்று பார்ப்பது. அவவின் சம்மதத்தோடு பேச்சைப் பதிந்து வைத்திருந்தால் இது அரைமணி வேலை. ‘ஜனவரி’ என்ற சொல் பதிவில் இல்லையென்றால் அது மகளின் சொல். அதிகம் கவனிக்கவேண்டியது, இணையத்தில் பார்த்து நாங்கள் நிரப்பும் திகதிகளை. தாய் “பெரிய இடப்பெயர்வு” என்று சொன்னதற்கு 1995 ஒக்டோபர் 30 என்று போடுவோம். ஆனால் அவவின் குடும்பம் இரண்டு நாள் பிந்திப் புறப்பட்டிருக்கலாம். வரலாற்றுக்குச் சரியான திகதி அவவுக்குப் பிழையாக இருக்கலாம்.

குறிப்பு எங்கள் வீட்டுக்கும் சட்டத்தரணிக்கும் மட்டும். அதைச் சட்டத்தரணிக்குக் காட்டுங்கள், எது உறுதி, எது ஊகம் என்று அவருக்குத் தெரியவேண்டும். படிவத்தோடு சபைக்குப் போகும் பிரதியில் அது இருக்கக்கூடாது. அப்போது ஒவ்வொரு ஊகமும் உறுதியாகியிருக்கவேண்டும், அல்லது “சரியாக நினைவில்லை” என்று கதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். முழு வரைவையும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டும் வேலையை இது குறைக்காது. படிவத்தில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிக்கென்றே இடம் உண்டு.

கொடுத்த பிறகு பிழை தெரிந்தாலும் வழி மூடவில்லை. மாற்றிய பக்கத்தில் மாற்றத்தின் கீழே கோடிட்டு, கோரிக்கையாளர் கையெழுத்தும் திகதியும் இட்டு, உறுதிமொழியோடு சபைக்குக் கொடுக்கவேண்டும். அது விசாரணைத் திகதிக்குப் பத்து நாட்களுக்கு முன்பே அவர்களின் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது விதி. சட்டத்தரணிக்கு நேரம் வேண்டும் என்பதால், விசாரணைக் கடிதம் வந்த அன்றே அந்தப் பழைய குறிப்பை எடுத்துத் தாயோடு இன்னொருமுறை இருந்து பாருங்கள்.