‘சேங்’ ஏன்? ‘சங்’ ஏன்?

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை. ‘சிங்’குக்கு இறந்தகாலம் ‘சேங்’, ‘ரிங்’குக்கு ‘ரேங்’. அப்போ ‘பிரிங்’குக்கு? நான் ரொம்ப நம்பிக்கையா ‘பிரேங்’னு எழுதினேன். தப்பு, ‘பிராட்’. காரணம் யாரும் சொல்லல. அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, அவ்வளவுதான். இன்னைக்கு அந்தக் காரணத்தைப் பார்ப்போம்.

சுமார் 1000 வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்துல ‘சிங்’ மாதிரி வினைகளுக்கு இறந்தகாலத்திலேயே ரெண்டு உயிரொலி இருந்துச்சு. ‘நான் பாடினேன்’ என்றால் ‘சாங்’. ‘நாங்கள் பாடினோம்’ என்றால் ‘சுங்கொன்’. ஒருமைக்கு ஒரு ஒலி, பன்மைக்கு இன்னொரு ஒலி. ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டிலும் அந்த ஒருமை–பன்மை வேறுபாடு இன்னும் உயிரோட இருக்கு, பாருங்க.

பிறகு அடுத்த சில நூற்றாண்டுகளில் மக்கள் ரெண்டு வடிவத்தை ஒண்ணாக்கிட்டாங்க. ஆனா எல்லா வினையும் ஒரே பக்கம் சாயல. சில வினைகள் ஒருமை ஒலியை வச்சுக்கிட்டன. அதனால மூன்று வடிவமும் வேற வேற: சிங்–சேங்–சங், டிரிங்க்–டிரேங்க்–டிரங்க், ஸ்விம்–ஸ்வேம்–ஸ்வம், பிகின்–பிகேன்–பிகன். வேறு சில, பன்மை ஒலியைப் பிடிச்சுக்கிட்டன. இவற்றில் கடைசி ரெண்டும் ஒண்ணுதான்: வின்–வன்–வன், ஸ்பின்–ஸ்பன்–ஸ்பன், ஸ்டிங்–ஸ்டங்–ஸ்டங்.

‘ஃபைண்ட்–ஃபவுண்ட்’ கூட இந்த ரெண்டாவது கூட்டம்தான். பழைய வடிவம் ‘ஃபிந்தன்’, பன்மை இறந்தகாலம் ‘ஃபுந்தொன்’. ‘ண்ட்’டுக்கு முன்னால் உயிரொலி நீண்டது, பிறகு நெடில்கள் எல்லாம் இடம் மாறினப்போ ஈ ‘ஐ’ ஆச்சு, ஊ ‘அவு’ ஆச்சு. ‘பைண்ட்–பவுண்ட்’, ‘கிரைண்ட்–கிரவுண்ட்’ எல்லாம் அதே கதை.

ஆக, மனப்பாடம் பண்ண மூணு கட்டு போதும்: இ–ஏ–அ, இ–அ–அ, ஐ–அவு–அவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைவர்: சிங், வின், ஃபைண்ட். மத்தவங்களை அவங்க பின்னாடி நிறுத்துங்க.

இந்த ஓசைக்கு இழுக்கும் சக்தியும் உண்டு. ‘டிக்’ இந்தக் குடும்பமே இல்லை. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல அதன் இறந்தகாலம் ‘டிக்ட்’. பிறகு ‘டக்’ ஆகி, ‘வின்–வன்’ வரிசையில் சேர்ந்துடுச்சு.

அப்போ என் ‘பிரிங்’? அது பார்க்க ‘சிங்’ மாதிரி இருந்தாலும், அதன் இறந்தகாலம் உயிரொலியை மட்டும் மாத்தி உருவானது இல்லை. கடைசியில ஒரு ‘ட்’ ஒட்டும். ‘திங்க்–தாட்’, ‘பை–பாட்’ மாதிரி. அந்த ‘ட்’ இருந்தா, அது வேற கட்டு.

எட்டாம் வகுப்புல என் கணக்கு தப்பில்லை. ஆளைத்தான் தப்பான வரிசையில் நிறுத்திட்டேன்.