இடிக்காமல் வலுப்படுத்துதல்: திருத்தணிப் பகுதியின் பழைய பள்ளிக் கட்டடங்களும் நிலநடுக்கமும்
(பள்ளி அறங்காவலர்களுக்கான விளக்கக் குறிப்பு)

1. பொருள் வரையறை

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், தேக்கு உத்தரங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை, முன்னால் ஒரு தாழ்வாரம் என்ற அமைப்பில் உள்ள ஒரு தளப் பள்ளிக் கட்டடங்களைப் பற்றியது இக்குறிப்பு. திருத்தணி மலையடிவாரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இத்தகைய வகுப்பறைகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. மாடி உள்ள கட்டடத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இக்குறிப்பின் கருத்து இது: இந்தக் கட்டடங்களின் குறை சுவரின் கனத்தில் இல்லை. சுவரும் சுவரும், சுவரும் கூரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை என்பதே குறை. ஆகவே பணம் முதலில் இணைப்புகளுக்குப் போக வேண்டும். சுவர் முழுவதும் சிமெண்ட் பூசுவதற்கும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கும் அதற்குப் பிறகே இடம்.

2. நிலமும் மண்டலமும்

“இங்கே நிலநடுக்கம் எங்கே வந்தது?” என்று அறங்காவலர்கள் கேட்பது இயல்பு. இந்தியத் தர நிறுவனத்தின் IS 1893 விதிநூல் 2002இல் திருத்தப்பட்டபோது சென்னையும் அதையடுத்த வடதமிழகப் பகுதியும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறின. இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் காலத்தில் அப்படியொரு கணக்கே கிடையாது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் ஏற்பட்ட அதிர்வு சென்னையிலும் உணரப்பட்டது.

நமக்கு மிகப் பொருத்தமான பாடம் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் இருக்கிறது. நம்முடையதைப் போலவே அசையாத பழம்பாறை நிலம் என்று கருதப்பட்ட பகுதி அது. அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் 6.2 அளவுள்ள ஒரே நிலநடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதிர்வு மிதமானதுதான். இணைப்பில்லாத கனத்த கல் சுவர்களும் அவற்றின் மேலிருந்த மண் கூரைகளுமே ஆட்களைக் கொன்றன. 2001இல் குஜராத்தில் குடியரசு நாள் விடுமுறையன்று பூகம்பம் வந்தும் 971 மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

ஒரே ஊருக்குள்ளும் நிலம் ஒன்றாக இருப்பதில்லை. மலையடிவாரப் பாறை மீது நிற்கும் கட்டடத்தைவிட நந்தியாற்றங்கரை மண்ணிலோ, தூர்ந்த ஏரி மண்ணிலோ நிற்பது அதிகம் ஆடும். அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

3. ஒரு வகுப்பறையின் கணக்கு

7.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், ஒன்றரைக் கல் சுவர் (சுமார் 35 சென்டிமீட்டர்) உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். டெரஸ் செங்கல், சுண்ணாம்பு ஜல்லிக் காரை, தட்டோடு எல்லாம் சேர்ந்து கூரை சதுர மீட்டருக்கு 400 கிலோ இருக்கும். 45 சதுர மீட்டருக்கு 18 டன். சுவர்களில் திறப்புகளைக் கழித்தால் 54 டன். அதில் மேல்பாதியான 27 டன்னைக் கூரையோடு சேர்ப்பது வழக்கம். ஆக, மேலே ஆடும் எடை 45 டன்.

மூன்றாம் மண்டலத்துக்கு விதிநூல் தரும் எண் 0.16. அதில் பாதி 0.08. பள்ளி என்பதால் 1.5ஆல் பெருக்க வேண்டும். கம்பியோ பட்டையோ இல்லாத செங்கல் சுவர் என்பதால் 1.5ஆல் வகுக்க வேண்டும். தாழ்ந்த கட்டடம் என்பதால் 2.5ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.20. அதாவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 9 டன், பக்கவாட்டில் தள்ளும்.

அகலவாக்கில் தள்ளும்போது இரண்டு 6 மீட்டர் சுவர்களும் இதைத் தாங்குகின்றன. அவற்றின் வெட்டுமுகப் பரப்பு 4.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல்தான் வருகிறது. கெட்டியான சுண்ணாம்புச் சுவர் இதைவிடப் பலமடங்கு தாங்கும். தன் நீளவாக்கில் தள்ளப்படும் சுவர் பிழைத்துவிடுகிறது என்று பொருள்.

ஆனால் அதே நேரத்தில் 7.5 மீட்டர் நீளச் சுவர் தன் முகத்துக்குக் குறுக்கே தள்ளப்படுகிறது. அதன் சொந்த எடையே சுமார் 3 டன் விசையாக அதை வெளியே சாய்க்கப் பார்க்கிறது. அதைப் பிடிப்பது எது? இரு மூலைகள், அங்கேயும் பல கட்டடங்களில் செங்கற்கள் சரியாகப் பின்னப்படவில்லை. மேலே இரண்டு உத்தரங்களின் முனைகள். அவை குழிக்குள் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன, எதோடும் பூட்டப்படவில்லை. மூடியில்லாத அட்டைப்பெட்டியின் பக்கங்கள் விரிவதுபோல் சுவர்கள் விரிகின்றன. உத்தர முனை குழியிலிருந்து நழுவுகிறது. 18 டன் கூரை கீழே வருகிறது. கில்லாரியிலும் சுவர்கள் இப்படிப் பிரிந்தே கூரைகள் இறங்கின.

4. முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டியவை

இதைப் பொறியாளர் செய்வார். அறங்காவலர் உடனிருந்து பார்ப்பது நல்லது.

மூலையில் செங்குத்தாக, மேலே அகன்று கீழே ஒடுங்கிய விரிசல் இருந்தால் இரு சுவர்களும் ஏற்கெனவே பிரிந்துகொண்டிருக்கின்றன. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். விரிசல் வளர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைக் காரையால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மழைக்காலமும் கோடையும் கடந்தபின் கண்ணாடி உடைந்திருந்தால் இன்னும் அசைவு இருக்கிறது.

பூச்சைக் கொஞ்சம் அகற்றி, செங்கல் இடுக்கிலுள்ள காரையைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். கெட்டியான சுண்ணாம்பில் கோடு மட்டும் விழும். மணலாக உதிர்ந்தால் மேலே போட்ட கணக்கு அந்தச் சுவருக்குச் செல்லாது. உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கட்டாயம் திறந்து குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். நடுவில் இரும்பாக இருக்கும் தேக்கு, ஈரம் பட்டும் கரையான் அரித்தும் முனையில் மட்டும் மக்கியிருக்கும். வெளியிலிருந்து அது தெரியாது.

5. வழிகள்

5.1 விழக்கூடியவற்றை அகற்றுதல்

கம்பியில்லாத மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரே முதல் ஆபத்து. ஆட்டம் தொடங்கியதும் பிள்ளைகள் ஓடிவரும் வாசலுக்கு நேர்மேலே அது நிற்கிறது. அதைத் தாழ்த்தி, மேலே இரும்புக் குழாய்த் தடுப்பு வைக்கலாம். ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி கூரையில் ஒரு டன். அதைத் தரையில் தனித் தாங்கியில் வையுங்கள். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலே மேலே போட்ட தள அடுக்குகளையும் எடுத்துவிட வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. எந்த அனுமதிக்கும் காத்திராமல் தொடங்கலாம்.

5.2 கூரையைச் சுவரோடு பூட்டுதல்

ஒவ்வொரு உத்தர முனையின் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கி, அதிலிருந்து ஒரு கம்பியைச் சுவரின் ஊடே செலுத்தி, வெளிமுகத்தில் தகடு வைத்து நட் பூட்ட வேண்டும். மக்கிய முனை இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். குறுக்குக் கட்டைகளின் அடியில் மூலைக்கு மூலை இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறி வடிவில் பூட்டினால் கூரை ஒரே பலகையாக நகரும். நீளச் சுவரின் தள்ளலை ஓரச் சுவர்களுக்குக் கொண்டுபோகும்.

இதற்கு மாற்றாகக் கூரைமேல் 5 சென்டிமீட்டர் கான்கிரீட் போடச் சிலர் சொல்வார்கள். பழைய அடுக்குகளை எடுக்காமல் அதைச் செய்தால் ஐந்தரை டன்னுக்கு மேல் கூடும். பழைய தேக்கின் மேல் அதை ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.

5.3 சுற்றுப்பட்டை

IS 13935 சொல்லும் இம்முறையே இக்கட்டடங்களுக்கு முதன்மையான சிகிச்சை. கதவு ஜன்னல் தலைப்புக்குச் சற்று மேலே ஒன்றும் கூரைக்குக் கீழே ஒன்றுமாக, கட்டடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெல்ட் மெஷ் பதித்த சிமெண்ட் பட்டை ஓடும். மூலைகளிலும் சுவர்கள் சேருமிடங்களிலும் இதேபோல் நெடும்பட்டை அஸ்திவாரம்வரை இறங்கும்.

செய்முறை எளிது, அவசரம்தான் கெடுக்கும். பட்டை வரும் இடத்தில் மட்டும் பூச்சை உரித்து, இடுக்குக் காரையை ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் கிளறி, தூசி போகக் கழுவி நனைக்க வேண்டும். சிமெண்ட் பால் தடவி முதல் பூச்சு பூசி, அது இறுகுமுன் துருப்பிடிக்காத பூச்சுள்ள மெஷ்ஷை நீண்ட ஆணிகளால் சுவரோடு அறைந்து, இரண்டாம் பூச்சால் மூட வேண்டும். மெஷ் முடியும் இடத்தில் அடுத்த துண்டு 30 சென்டிமீட்டர் மேலேறி வர வேண்டும். மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் அறுந்த பட்டை பட்டையே அல்ல. தாழ்வாரக் கூரை சேருமிடத்தில்தான் வழக்கமாக அறுந்துபோகும்.

கோடை விடுமுறையில்தான் இவ்வேலை நடக்கும். திருத்தணிக் கோடை தமிழகத்தின் கடும் வெயில்களில் ஒன்று. நனைத்த சாக்கு போர்த்தி இரண்டு வாரம் ஈரம் காயாமல் காக்காவிட்டால் பட்டை சுவரிலிருந்து உரிந்து நிற்கும். சிறு சுத்தியலால் தட்டினால் பொத்தென்று ஓசை வரும் இடமெல்லாம் அப்படி உரிந்தவை. மெஷ் அறைந்தபின், இரண்டாம் பூச்சுக்குமுன் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பட்டையும் நெடுங்கம்பியும் உள்ள செங்கல் கட்டடத்துக்கு விதிநூல் 1.5க்குப் பதில் 2.5ஆல் வகுக்க அனுமதிக்கிறது. நம் வகுப்பறையில் 9 டன் 5.4 டன்னாகிறது. பூகம்பம் குறைந்துவிடவில்லை, சுவர் வெடித்தாலும் விழாமல் நிற்கும் என்பதால் கிடைக்கும் சலுகை அது.

5.4 சுவர் முழுவதும் உறை

இருமுகமும் மெஷ் வைத்துப் பூசுவதைத் திறப்புகள் மிகுந்த சுவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தளப் பள்ளியில் கதவு ஜன்னல்களின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது IS 4326 விதி. தாண்டினால் ஒரு ஜன்னலைச் செங்கலால் பின்னி மூடுவது உறையைவிட மலிவு. சுண்ணாம்புச் சுவர் முழுவதையும் சிமெண்டால் மூடினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பிறகு மெஷ்ஷும் துருப்பிடிக்கும், உத்தர முனையும் மக்கும்.

6. எப்போது இடிக்க வேண்டும்

காரை விரலுக்கே உதிர்ந்தால், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் தெளிவாகப் புடைத்திருந்தால், அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், பாதிக்கு மேற்பட்ட உத்தர முனைகள் மக்கியிருந்தால் வலுப்படுத்துவது வீண். அந்த அறையைப் பூட்டிவிட்டு இடிக்கும் முடிவை எடுங்கள். இவை எதுவும் இல்லாத கட்டடத்தைப் பழையது என்பதற்காக மட்டும் இடிக்க வேண்டியதில்லை. தில்லி அரசு தன் லட்லோ காசில் பள்ளியை இடிக்காமல் வலுப்படுத்தியிருக்கிறது.

7. பரிந்துரை

இந்த ஆண்டே கைப்பிடிச் சுவரையும் தொட்டியையும் சரிசெய்து, உத்தர முனைகளைத் திறந்து பாருங்கள். அடுத்த கோடையில் கூரைப் பூட்டும் மேல்பட்டையும், அதற்கடுத்த கோடையில் மற்ற பட்டைகளும் என்று பிரித்துக்கொள்ளலாம். நிதி ஓராண்டுக்கு மட்டுமே போதுமென்றால் கூரைப் பூட்டையும் மேல்பட்டையையும் செய்யுங்கள். வண்ணப்பூச்சும் புதுத் தரையும் காத்திருக்கட்டும்.