சாலைப் பணியில் ஈட்டிய மதிப்பு: கூட்டுத்தொகை மறைக்கும் தாமதம்

சாலைப் பணியின் மாத அறிக்கையில் பணி வழங்குநர் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. ஈட்டிய மதிப்பிலிருந்து மெய்ச்செலவைக் கழித்தால் செலவு வேறுபாடு. திட்டமிட்ட மதிப்பைக் கழித்தால் காலவரை வேறுபாடு. சாலை முழுமைக்குமான இந்த இரண்டு எண்களை மட்டும் கொடுக்கும் அறிக்கை, கணக்கில் பிழையே இல்லாதபோதும், பணி வழங்குநரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதே என் வாதம்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். 32 கி.மீ. சாலை அகலப்படுத்தல், நடுவே ஒரு சிறிய ஆற்றுப்பாலம். ஒப்பந்தக்காரரின் செலவுத் திட்டம் 100 கோடி ரூபாய், காலம் 20 மாதம். பத்தாம் மாத முடிவில் திட்டமிட்ட மதிப்பு 50 கோடி, ஈட்டிய மதிப்பு 44 கோடி, மெய்ச்செலவு 46 கோடி. ஆக, காலவரையில் 6 கோடியும் செலவில் 2 கோடியும் பாதகம். திட்ட வரைபடத்தில் 44 கோடியை ஒன்பதாம் மாதக் கடைசியில் எட்டியிருக்க வேண்டும். எனவே பணி ஒரு மாதம் பின்தங்கியிருக்கிறது என்றே அறிக்கையைப் படிப்பவர் கொள்வார்.

அந்த 6 கோடியைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. சாலைப் பகுதியில் 34 கோடிக்குத் திட்டமிட்டு 38 கோடிக்கு வேலை நடந்திருக்கிறது. பாலத்திலும் சிறுபாலங்களிலும் 16 கோடிக்குத் திட்டமிட்டு 6 கோடிக்குத்தான் நடந்திருக்கிறது. பாலத்தருகே ஓடும் குடிநீர்க் குழாயை இன்னும் இடம் மாற்றவில்லை. அதனால் பைலிங் ரிக் சும்மா நிற்கிறது. ஆட்களையும் இயந்திரங்களையும் சும்மா வைத்திருக்க விரும்பாத ஒப்பந்தக்காரர், தடையில்லாத நீளத்தில் ஜல்லியை விரித்துக்கொண்டே போனார். அவர் செய்தது நியாயமானதுதான். ஆனால் அங்கே முந்திய 4 கோடி இங்கே பிந்திய 10 கோடியில் கழிந்துபோய், வெறும் 6 கோடியாக அறிக்கையில் நிற்கிறது. பாலப் பகுதியின் 6 கோடி ஆறாம் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டியது. எனவே அங்கே தாமதம் நான்கு மாதம். பைல், அதன்மேல் தூண், பிறகு மேல்தளம், அதன் பிறகே இருபுற அணுகுசாலை என்ற வரிசையை மாற்ற முடியாது. சாலையில் முந்திய 4 கோடி இந்த வரிசையில் ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தாது.

ரூபாயில் அளந்த காலவரை வேறுபாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. எவ்வளவு தாமதமான பணியும் ஒருநாள் முடியும். அன்று ஈட்டிய மதிப்பும் திட்டமிட்ட மதிப்பும் சமமாகி, வேறுபாடு பூஜ்யமாகிவிடும். இதைச் சுட்டிக்காட்டிய வால்ட் லிப்கி, 2003இல், வேறுபாட்டை மாதக்கணக்கில் அளக்கும் முறையை முன்வைத்தார். மேலே நாம் செய்ததும் அதுவே. ஆனால் அந்த முறையையும் மொத்தத்தொகைமேல் போட்டால் ஒரு மாதம் என்றுதான் சொல்கிறது. பகுதி பகுதியாகப் போட்டால்தான் நான்கு மாதம் வெளியே வருகிறது.

செலவுக்கு வருவோம். சாலையில் 1.5 கோடி, பாலத்தில் 50 லட்சம் கூடுதல். முதலாவதற்குக் காரணம் குவாரி: 25 கி.மீ. தொலைவில் எடுக்க இருந்த ஜல்லி 40 கி.மீ.யிலிருந்து வந்தது. இதுவரை விரித்த 22 கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர். கன மீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் வண்டிக்கூலி என்றால் 15 கி.மீ.க்குச் சரியாக 1.5 கோடி. இரண்டாவது, ரிக் சும்மா நின்றதற்கான செலவு, மாதத்துக்குப் பன்னிரண்டரை லட்சம். வண்டிக்கூலியும் அடங்கிய விலைக்கு ஒப்பந்தம் எடுத்திருந்தால் முதலாவது ஒப்பந்தக்காரரின் நட்டம்; பணி வழங்குநருக்கு அதில் பங்கில்லை. குழாயை மாற்றித் தருவது பணி வழங்குநரின் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னால் இரண்டாவது அவர் தலையில் விழும். இரண்டையும் கூட்டி "2 கோடி பாதகம்" என்று எழுதினால், யார் எதைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியே அறிக்கையில் எழாமல் போகிறது.

இறுதிச் செலவை மதிப்பிடும்போதும் இதே வழுக்கல். வழக்கமான வாய்பாடு 100 கோடியை 44/46 என்ற விகிதத்தால் வகுத்து 104.5 கோடி என்கிறது. அதாவது இதுவரை நடந்த அதே விகிதத்தில் எல்லாப் பணியிலும் மிகை தொடரும் என்று கொள்கிறது. ஆனால் ஜல்லி போட வேண்டியது இன்னும் 10 கி.மீ. மட்டுமே, அதற்குச் சுமார் 68 லட்சம். குழாய் இரண்டு மாதத்தில் நகர்ந்தால் ரிக்குக்கு 25 லட்சம். காரணம் காரணமாகக் கூட்டினால் 103 கோடியைத் தொடவில்லை.

இவையெல்லாம் ஈட்டிய மதிப்பை நேர்மையாக அளந்திருந்தால்தான் நிற்கும். சாலைக்குக் கீழுள்ள மண்படுகை 97 சதவீத இறுக்கத்தைச் சோதனையில் காட்டும்வரை அந்த அடுக்குக்கு மதிப்பே போடக்கூடாது. கொட்டிப் பரப்பிய மண்ணுக்குப் பாதி மதிப்பு கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை; மழைக்குப் பின் அதே அடுக்கைக் கிளறி மீண்டும் உருட்ட நேர்ந்தால், போன மாதம் ஈட்டியதாக எழுதிய மதிப்பு அடுத்த மாதம் குறையும். முந்தைய மாதத்தைவிட ஒரு பணியின் ஈட்டிய மதிப்பு இறங்கியிருந்தால், முதலில் அந்த அளவீட்டுப் புத்தகத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த எடுத்துக்காட்டில் பணி வழங்குநரின் கைக்குப் போக வேண்டிய முதல் பக்கத்தில் மூன்று செய்திகள் போதும்: பாலம் நான்கு மாதம் பின்தங்கியிருக்கிறது, குழாய் அவர் பொறுப்பானால் அவர் மீது இதுவரை சேர்ந்திருப்பது 50 லட்சம், குழாய் இடம் மாறும்வரை அது மாதந்தோறும் பன்னிரண்டரை லட்சம் கூடும்.