கேள்விக்குப் பின் எழுதும் புள்ளி: மாதிரி நீதிமன்ற மதிப்பீட்டில் எதிர்த் தீர்ப்பின் இடம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் சட்டக் கல்விக்கூடங்களில் மாதிரி நீதிமன்ற வாதத்தைச் சட்டத் தருக்கம், ஆதாரப் பயன்பாடு, நீதிபதிகளுக்கு அளிக்கும் பதில், அவை மரியாதை என நான்காகப் பிரித்து அளக்கும்போது, ஒரு குறைக்கு ஒரே பெட்டியில்தான் புள்ளி குறைக்க வேண்டும் என்பது இதுவரையிலான ஆய்வுப் போக்கு. நான்கும் ஒன்றையொன்று தொடாமல் நின்றால்தான் நியாயம் என்பது அதன் அடிப்படை. எதிர்த் தீர்ப்பைச் சொல்லாமல் விடும் மாணவரிடம் இந்த அடிப்படை நிலைக்கவில்லை என்பதே என் வாதம்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு கடைவீட்டை வாங்க ஒப்புக்கொண்டவர் பின்வாங்குகிறார். ஒப்பந்தப்படி ஒரு லட்சம் ரிங்கிட் கேட்கிறார் விற்பவர். வாங்குபவருக்காக வாதாடும் மாணவி, செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கில் (1995) கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சரளமாக எடுத்து வைக்கிறார்: 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் தொகை கேட்பவர் தன் உண்மையான இழப்பை நிரூபிக்க வேண்டும். ஒரு மருத்துவத் தொழில் விற்பனையில் பிறந்த வழக்கு அது. ஆனால் 2019இல் வெளியான கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகொம்யுனிகேஷன்ஸ் தீர்ப்பில் அதே நீதிமன்றம் நிலையை மாற்றியது. இழப்புக்கான சான்று மட்டுமே நியாயமான இழப்பீட்டைத் தீர்மானிக்காது; தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை ஒப்பந்தத்தை மீறியவருடையது. மாணவி இதைத் தொடவே இல்லை.

“கியூபிக்குக்குப் பிறகும் நீங்கள் சொல்வதுதான் சட்டமா?” என்று நீதிபதி கேட்கிறார். “யாங் அரிஃப், எதிர்த்தரப்பு அதை எழுப்பவில்லை” என்று பணிவாகச் சொல்லிவிட்டு மாணவி அடுத்த வாதத்துக்குப் போகிறார். பெட்டிக்கு 25 என்றால் தருக்கம் 20, ஆதாரம் 19, பதில் 10, மரியாதை 23, மொத்தம் 72. அதே தரப்பை வாதாடும் இன்னொரு மாணவர் கியூபிக்கைத் தானே முன்வைக்கிறார். சுமை தன் மேல் விழுவதை ஒப்புக்கொண்டு, அந்த வீடு ஏறக்குறைய அதே விலைக்கு உடனே வேறொருவருக்கு விற்கப்பட்டதைக் காட்டி, ஒரு லட்சம் எப்படி நியாயமற்றது என்கிறார். பேச்சு தடுமாறுகிறது, ஒருமுறை நீதிபதியின் பேச்சை இடைமறித்துவிடுகிறார். 16, 18, 20, 18. அவருக்கும் 72.

இருவரும் சமம் என்று சொல்லும் தாள் எதையோ தவறவிடுகிறது. பழைய போக்கு தன் துணைக்கு அழைப்பது 1978ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் நடைமுறை, ஒழுக்க விதிகளை. தமக்குத் தெரிந்த, கட்டுப்படுத்தும் தன்மையுள்ள, நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பைத் தமக்கு எதிரானதாயினும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது அவற்றுள் ஒரு விதி. ஒழுக்க விதிகளுக்குள் இருப்பதால் இதன் மீறல் மரியாதைக் குறை, அதைத் தருக்கப் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அந்த வாசிப்பு.

விதி எங்கே இருக்கிறது என்பதைவிட அது எதைக் கேட்கிறது என்பதே முக்கியம். ஒரு தீர்ப்பு நேரடியாகப் பொருந்துகிறதா என்று முடிவுசெய்ய அதன் விவரங்களையும் தன் வழக்கின் விவரங்களையும் ஒப்பிட்டாக வேண்டும். அது சட்டத் தருக்கமேயன்றி வேறில்லை. தவிர, விதி தெரிந்த தீர்ப்பைப் பற்றியே பேசுகிறது. கியூபிக்கைப் படிக்காத மாணவி விதியை மீறவில்லை. மரியாதையில் அவருக்கு ஒரு புள்ளியும் போகக் கூடாது. மறைத்தாரா, அறியாமல் விட்டாரா என்பது எழுத்துவாதத்தில் தெரியாது. கேள்விக்கு வரும் பதிலில் ஓரளவு தெரியும். இரண்டில் எதுவானாலும் அவர் வாதத்தில் ஒரு படி இல்லை என்பது உறுதி.

ஆகவே, தருக்கப் புள்ளியை முதல் ஐந்து நிமிடத்தின் சரளத்தைக் கேட்டு எழுதாமல், குறுக்குக் கேள்வி முடிந்த பிறகு எழுத வேண்டும் என்கிறேன். அப்போது மாணவியின் 20 என் கணிப்பில் 13 ஆகலாம், மாணவரின் 16, 20 ஆகலாம். மொத்தம் 65, 76. ஒரே குறைக்கு இரட்டைத் தண்டனை என்பார்கள். இல்லை. கேள்வியைத் தட்டிக்கழித்தது ஒன்று, வாதத்தில் படி விடுபட்டது இன்னொன்று. தவிர்க்காமல் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் முதல் குறை இருந்திருக்காது, இரண்டாவது அப்படியே இருந்திருக்கும். மேடைக் கூச்சமுள்ளவர்களுக்கு இது பாதகம் என்ற ஆட்சேபம் நேர்மாறானது. தொடக்கச் சரளத்துக்குத் தருக்கப் புள்ளி தரும் இப்போதைய தாள்தான் அவர்களை வதைக்கிறது.

கேள்வியே கேட்காத நீதிபதிகளிடம் என்ன செய்வது என்பது சற்று வலுவான மறுப்பு. ஒருவரைத் துளைத்து மற்றவரை விட்டுவிட்டால் இரு தருக்கப் புள்ளிகளையும் ஒப்பிட முடியாது. நீதிபதிகளுக்குத் தரப்படும் வழக்குக் குறிப்பிலேயே தரப்புக்கு ஒன்றாக எதிர்த் தீர்ப்புக் கேள்வியை அச்சிட்டு, அது கேட்கப்படும்வரை தருக்கப் பெட்டியை வெறுமையாக விடச் சொன்னால் போதும்.