துருக்கியின் குடும்பப் பெயர்ச் சட்டம், 1934

துருக்கியின் குடும்பப் பெயர்ச் சட்டம் என்பது அந்நாட்டின் குடிமக்கள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயரைச் சூடியாக வேண்டும் என விதித்த சட்டமாகும். 2525 என்ற எண் கொண்ட இச்சட்டத்தைத் துருக்கி நாடாளுமன்றம் 1934 சூன் 21 அன்று நிறைவேற்றியது. 1935 சனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயரைத் தேர்ந்து பதிவு செய்வதற்கு 1936 சூலை வரை காலம் தரப்பட்டது.

அதற்கு முன்பு பெரும்பாலான துருக்கிய முசுலிம்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவரை அவருடைய தந்தையின் பெயர், பிறந்த ஊர், தொழில், உடற்குறை ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து அழைத்தனர். கறுத்த மெகமெத், நொண்டி அலி என்பன போன்ற பெயர்கள் ஊருக்குள் போதுமானவையாக இருந்தன. ஆனால் படைக்கு ஆள் சேர்க்கும்போதும் வரி வசூலிக்கும்போதும் ஒரே பெயரில் பலர் வந்து நின்றனர். பேய், எஃபெந்தி, பாசா என்ற மரியாதைப் பட்டங்களும் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒழிக்கும் தனிச் சட்டம் ஒன்று 1934 நவம்பர் 26 அன்று வந்தது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் கடமையும் உரிமையும் குடும்பத் தலைவரான கணவருக்கே என்று சட்டம் கூறியது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் சட்டப்படி பங்கில்லை. தனித்தனிக் குடும்பமாக வாழ்ந்த உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு பெயரைப் பதிந்துகொண்டனர். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

தேர்வு முழுவதும் சுதந்திரமானதாக இருக்கவில்லை. பதவிப் பெயர்கள், இனக்குழுப் பெயர்கள், அயல் இனத்தையும் நாட்டையும் குறிக்கும் பெயர்கள், நகைப்புக்கோ அருவருப்புக்கோ இடமளிக்கும் பெயர்கள் ஆகியவற்றைச் சட்டம் தடுத்தது. சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஒழுங்குவிதிகள் பெயரின் ஈற்றையும் கவனித்தன. ஆர்மேனியரின் 'யான்', சிலாவியரின் 'ஓஃப்', 'விச்', கிரேக்கரின் 'புலோசு' போன்ற ஈறுகள் விலக்கப்பட்டன. மகன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லான 'சாதே' கூடாது. அதே பொருளுடைய துருக்கியச் சொல்லான 'ஓலு' கூடும். கோப்ருலுசாதே மெகமெத் ஃபுவாத் என்று அறியப்பட்ட வரலாற்றாய்வாளர் இதனால் ஃபுவாத் கோப்ருலு ஆனார். ஆக, ஆட்களை அடையாளம் காணும் ஏற்பாடாகத் தொடங்கிய சட்டம் மக்களைத் துருக்கியராக்கும் ஏற்பாடாகவும் வேலை செய்தது.

பொதுமக்களில் பலருக்கு இது புதிய சிக்கலாக இருந்தது. பெயர்ப் பட்டியல்கள் நாளிதழ்களிலும் சிறு நூல்களிலும் வெளிவந்தன. பெயர் சொல்லத் தெரியாமல் நின்றவர்களுக்கு அதிகாரிகளே ஒன்றை எழுதிக் கொடுத்தனர். பலர் வீரத்தையும் உறுதியையும் குறிக்கும் சொற்களை நாடினர். அஞ்சாதவன் எனப் பொருள்படும் யில்மாசு, பாறையைக் குறிக்கும் காயா, இரும்பைக் குறிக்கும் தெமிர் ஆகியவை இன்றும் துருக்கியில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களாக உள்ளன.

தலைவர்களின் பெயர்களுக்குத் தனிக் கதைகள் உண்டு. குடியரசுத் தலைவர் முசுதபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரை 1934 நவம்பர் 24 அன்று நாடாளுமன்றமே தனிச் சட்டத்தால் வழங்கியது. அடுத்த மாதம் வந்த இன்னொரு சட்டம் அப்பெயரை வேறு எவரும் சூடக் கூடாது என்றது. அவருடைய தங்கை மக்பூலேகூட 'அத்தாதான்' என்ற வேறு பெயரையே கொண்டார். பிரதமர் இசுமெத், 1921 இல் தாம் படை நடத்திய இனோனு என்ற இடத்தின் பெயரை ஏற்றார். மொழியியலாளரான ஆர்மேனியர் ஆகோப் மார்தாயானுக்கு 'திலாச்சார்' என்ற பெயரை அத்தாதுர்க் பரிந்துரைத்தார். மொழியைத் திறப்பவர் என்பது அதன் பொருள். எழுத்தாளர் காலிதே எதிப்பும் அவருடைய கணவர் அத்னானும் அப்போது நாட்டைவிட்டு வெளியேறி அயலகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு அமைந்த பெயர் 'அதிவார்'. 'அவருக்குப் பெயர் இருக்கிறது' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதில் ஒரு குறும்பு ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

குர்து மக்களின் நிலை வேறு. தம் இனக்குழுவின் பெயரை அவர்கள் பதிய முடியவில்லை. துருக்கியச் சொற்களே அவர்களுடைய குடும்பப் பெயர்களாயின. குர்து உரிமைக்காகப் பல்லாண்டுகள் அரசியலில் இயங்கியவரும், 1942 இல் பிறந்தவருமான அகமெத் துர்க்கின் குடும்பப் பெயருக்குத் 'துருக்கியர்' என்பதே பொருள்.