பணம் வந்தது, எந்தச் சரக்குக்கு? ஏற்றுமதி வரவுச் சான்றிதழும் இன்வாய்ஸும் ஒப்பிடப்பட்ட வரலாறு

ஏற்றுமதிப் பணம் வந்து சேர்ந்ததைக் காட்ட இந்தியாவில் நெடுங்காலமாக இரண்டு வகைத் தாள்கள் புழங்கின. வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வங்கிக்கு வந்தது என்று சொல்லும் வரவுச் சான்றிதழ் ஒன்று. தொழிலில் இதை எஃப்.ஐ.ஆர்.சி. என்பார்கள். குறிப்பிட்ட ஷிப்பிங் பில்லுக்கான பணம் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லும் பி.ஆர்.சி. மற்றொன்று. முதலாவது பணத்தைப் பற்றி மட்டுமே பேசும். சரக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சான்றிதழையும் இன்வாய்ஸையும் தொகை, நோக்கக் குறியீடு, அனுப்பியவர் பெயர் என்ற மூன்றிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறந்தது.

தொடக்கத்தில் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்று, 1973இல் ஃபெரா சட்டமாக இறுகியது. அந்தக் காலத்தின் மையத் தாள் ஜி.ஆர். படிவம். ஏற்றுமதியாளர் அதைச் சுங்கத்தில் கொடுப்பார். மூலப் படி ரிசர்வ் வங்கிக்குப் போகும்; இரண்டாம் படி ஏற்றுமதியாளரின் வங்கிக்குப் போய், பணம் வந்தபின் அதுவும் ரிசர்வ் வங்கியைச் சேரும். சரக்கும் பணமும் ஒரே எண்ணால் பிணைக்கப்பட்டிருந்தன. ஆவணங்கள் வங்கி வழியே வாங்குபவரிடம் போய், பணமும் அதே வழியில் திரும்பியவரை யார் அனுப்பினார், எதற்கு அனுப்பினார் என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை.

சரக்கு போகுமுன்பே பணம் வரும் முன்பணத்தில்தான் இந்தப் பிணைப்பு தளர்ந்தது. பணம் வரும் நாளில் ஷிப்பிங் பில்லே இருக்காது. வங்கி வரவுச் சான்றிதழைக் கொடுத்துவிடும். அதை எந்தச் சரக்குடன் சேர்ப்பது என்பது பிற்பாடு ஏற்றுமதியாளரின் மேசையில் முடிவாகும். ஒரே சான்றிதழை இரண்டு சரக்குகளுக்குக் காட்டவும் இது வழிவிட்டது. 2000 ஜூனில் ஃபெமா நடைமுறைக்கு வந்து சட்டத்தின் கடுமை குறைந்தபோதும் இந்தத் தளர்வு அப்படியே நீடித்தது.

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியை ஒத்த ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் ஹாம்பர்க் நிறுவனம். இன்வாய்ஸ் எண் 117, காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த மதிப்பு 18,560 டாலர். இதில் எஃப்.ஓ.பி. மதிப்பு 17,300, கப்பல் கட்டணம் 1,100, காப்பீடு 160. 30 சதவீத முன்பணம் 5,568 டாலர், மீதி 12,992. மீதித் தொகைக்கான வங்கிச் செய்தியில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

```
:32A:240618USD12964,00
:33B:USD12992,00
:70:INV 117 BAL
:71A:SHA
:71F:USD28,00
```

சான்றிதழில் ஏறுவது 32A வரியிலுள்ள 12,964. இன்வாய்ஸுடன் ஒப்பிடுபவர் 28 டாலர் குறைகிறது என்று திகைப்பார். 33B என்பது வாங்குபவர் அனுப்பச் சொன்ன தொகை. 71F வழியில் கழிந்த வங்கிக் கட்டணம். 71A-இல் உள்ள SHA, கட்டணத்தை இருதரப்பும் பகிர்வதைக் குறிக்கிறது. எனவே வாங்குபவர் முழுத்தொகையையும் செலுத்திவிட்டார். குறைந்தது வங்கிக் கட்டணம் மட்டுமே, ஆதாரத்துடன் கணக்கில் காட்டி பில்லை முடிக்கலாம். 33B-யிலேயே 12,400 என்று இருந்திருந்தால் கதை வேறு. 592 டாலரைத் தரக்குறைவுக்கென்றோ தாமதத்துக்கென்றோ வாங்குபவரே பிடித்திருக்கிறார். அது இன்வாய்ஸ் மதிப்புக் குறைப்பு. வங்கியின் ஒப்புதல் வேண்டும். 25 சதவீதம் வரையிலான குறைப்பை வங்கியே அனுமதிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த பொது வரம்பு. சான்றிதழை மட்டும் பார்த்தால் இரண்டுமே வெறும் 'குறைவு'. வங்கிச் செய்தியின் நகலைக் கேட்டு வாங்காமல் தொகையைச் சரிபார்த்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரூபாய்த் தொகையை வைத்து ஒப்பிடுவதும் வீண்வேலை. அது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒப்பிட வேண்டியது இன்வாய்ஸ் நாணயத்தில்.

நோக்கக் குறியீடு புள்ளிவிவரத் தேவைக்காகத் தோன்றியது. நாட்டின் அந்நியச் செலாவணி வரவு எதற்காக வருகிறது என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்தவே அது வேண்டியிருந்தது. P0103 சரக்கு ஏற்றுமதிக்கான முன்பணம். P0102 வசூலுக்கு அனுப்பிய ஏற்றுமதி பில்லின் தொகை. P1006 மேலாண்மை ஆலோசனைச் சேவை. அக்காலத்தில் குறியீடு தவறினால் புள்ளிவிவரம் மட்டுமே கோணும்.

2014 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஈ.டி.பி.எம்.எஸ். என்ற கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. சுங்கத்தின் ஷிப்பிங் பில் தானாகவே அங்கே வந்து திறந்த நிலையில் நிற்கும். வங்கி பணவரவைப் பொருத்தினால்தான் மூடும். 2016 மே சுற்றறிக்கை முன்பணங்களையும் அதே அமைப்புக்குள் கொண்டுவந்தது. நம் மாதிரியில் 5,568 டாலர் முன்பணத்தை வங்கி ஊழியர் கவனக்குறைவாக P1006-இல் பதிந்துவிட்டால், அது சரக்கு முன்பணங்களின் வரிசையில் வராது. இன்வாய்ஸ் 117-இன் பில்லில் ஒரு பகுதி திறந்தே நிற்கும். பணமோ ஏற்றுமதியாளரின் கணக்கில் எப்போதோ வந்து செலவாகியிருக்கும். நெடுநாள் திறந்து நிற்கும் பில்கள் ஏற்றுமதியாளரை எச்சரிக்கைப் பட்டியலில் தானாகவே சேர்த்துவிடும் முறை 2020 அக்டோபர் வரை இருந்தது. புள்ளிவிவரக் குறியீடாகத் தொடங்கிய ஒன்று சட்டப் பொறுப்பின் சாவியாக மாறியதை இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாகக் கருதுகிறேன். பணம் வந்த வாரத்திலேயே குறியீட்டுத் தவறைக் கண்டுபிடித்தால் வங்கிக்கு ஒரு கடிதம் போதும்.

மூன்றாவதான பெயரில்தான் இன்றும் மனிதக் கண் வேண்டியிருக்கிறது. பழைய வங்கிச் செய்தியின் 50K பகுதியில் அனுப்புபவரின் பெயரும் முகவரியும் வரிக்கு 35 எழுத்தாக நான்கு வரிகளுக்குள் அடங்க வேண்டும். நீண்ட நிறுவனப் பெயர் அரைகுறையாக வெட்டுப்படுவது இதனால்தான், அது குற்றமல்ல. ஆனால் ஹாம்பர்க் நிறுவனத்துக்குப் பதில் ஹாங்காங் கொள்முதல் நிறுவனத்தின் பெயர் நின்றால் அது வேறு ஆள். மூன்றாம் தரப்பு செலுத்தும் பணத்தை 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி நிபந்தனைகளுடன் ஏற்றது. முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும், செலுத்துபவரின் பெயரை ஏற்றுமதி உறுதிமொழிப் படிவத்தில் அறிவிக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. தகுந்த ஆவணச் சான்று இருந்தால் ஒப்பந்தம் தேவையில்லை என்று 2014 பிப்ரவரியில் அந்த நிபந்தனை தளர்ந்தது. ஆகவே சரக்கு ஏறுமுன், ஆர்டர் கட்டத்திலேயே 'பணம் யார் அனுப்புவார்கள்?' என்று கேட்டு இன்வாய்ஸில் எழுதிவிடுவதே சிக்கலை வேரில் அறுக்கும் வழி. பணம் வந்தபின் கடிதம் தேடி அலைபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது மனத்தை உறுத்துகிறது.

2023 நவம்பரில் வெளிநாட்டு வணிக இயக்ககம், வங்கி அனுப்பும் வரவுச் செய்தியைக் கொண்டு ஏற்றுமதியாளரே இ-பி.ஆர்.சி. உருவாக்கும் முறையைக் கொண்டுவந்தது. பொருத்துவதும் உறுதியளிப்பதும் இப்போது அவர் பொறுப்பு. 2025 நவம்பரில் எல்லைகடந்த பணச்செய்திகள் புதிய வடிவத்துக்கு முழுதும் மாறியபின், செலுத்துபவருக்கு `Dbtr`, உண்மையில் கடன்பட்டவருக்கு `UltmtDbtr` எனத் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. ஹாங்காங் பெயர் முதலிலும் ஹாம்பர்க் பெயர் இரண்டாவதிலும் நின்றால் இன்வாய்ஸ் 117-இன் சிக்கல் அங்கேயே தெளிவாகிவிடும். இரண்டாவது இடத்தை நிரப்புவது கட்டாயமல்ல. அனுப்பும் வங்கி அதைக் காலியாக விட்டால், ஒப்பிடுபவர் மறுபடியும் ஆர்டர் கோப்பைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.